சந்தா முடிந்தும் முடியாத வசூல்

கைப்பேசியில் இருப்புத் தொகை போட்ட மறுநாளே முப்பது ரூபாய் காணாமல் போகும் காலம் ஒன்று இருந்தது. கேட்காத காலர் டியூன், விரும்பாத ஜோதிடக் குறுஞ்செய்தி, யாரும் பார்க்காத கிரிக்கெட் நிலவரம் என்று ஏதோ ஒரு சேவை, எப்போதோ தவறிப்போய் அழுத்திய ஒரு பொத்தானின் பெயரால் உயிர் பெற்றிருக்கும். செஞ்சி போன்ற சிற்றூர்களின் ரீசார்ஜ் கடைகளில் அன்றாடம் கேட்ட முறையீடு அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் ஒரு முடிவு கட்டியது. எந்தக் கூடுதல் சேவையாக இருந்தாலும் வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும். நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே கட்டணமில்லா எண் இருக்க வேண்டும். முறையீடுகள் அடியோடு ஒழியவில்லை என்றாலும், நிறுத்துவதற்கு எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைத்தது.

அதே முறையீடு இப்போது யுபிஐ வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. திரைப்படச் செயலி, போட்டித் தேர்வுப் பயிற்சிச் செயலி, குறுந்தொடர்ச் செயலி, உடற்பயிற்சிச் செயலி என எதைத் திறந்தாலும் ஏழு நாள் பயன்பாடு ஒரு ரூபாய்க்கோ இரண்டு ரூபாய்க்கோ கிடைக்கிறது. எட்டாம் நாள் 199 ரூபாயோ 399 ரூபாயோ கணக்கிலிருந்து போகிறது. சந்தாவை ரத்து செய்தவர்களுக்கும் சில வேளைகளில் அடுத்த மாதப் பணம் பிடிக்கப்படுகிறது. 'நான்தான் நிறுத்திவிட்டேனே' என்று வாடிக்கையாளர் சொல்கிறார். 'நீங்கள்தானே ஒப்புதல் கொடுத்தீர்கள்' என்று வங்கி சொல்கிறது. இருவர் சொல்வதும் பொய்யல்ல. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஏனெனில் இங்கே இருப்பவை இரண்டு தனித்தனி உறவுகள். ஒன்று சந்தா, அது உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். மற்றொன்று, இன்ன நிறுவனம் இன்ன தொகை வரை இத்தனை நாளைக்கு ஒருமுறை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் ஆணை. கைப்பேசித் திரையில் இது 'AutoPay' என்றோ 'e-mandate' என்றோ தோன்றும். செயலியில் சந்தாவை ரத்து செய்தால் முதல் உறவு முடிகிறது. வங்கியிடம் இருக்கும் ஆணையை நிறுவனம் தானாக முன்வந்து விலக்கினால் ஒழிய, இரண்டாவது உறவு உயிரோடு இருக்கும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் இரண்டுமே முடிவதில்லை. இந்தப் பிழையைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். கடைக்காரரிடம் கணக்கை முடிக்காமல் அந்தத் தெரு வழியே போவதை மட்டும் நிறுத்திக்கொள்வது போன்றது அது.

செயலிக் கடை வழியாகச் சந்தா கட்டியிருந்தால் நடுவில் மூன்றாவது ஆளும் வந்துவிடுகிறார். கூகுள் பிளே மூலம் பணம் கட்டியவர் பிளே ஸ்டோரில் 'Payments & subscriptions' என்ற பகுதிக்குள் 'Subscriptions' என்பதைத் திறந்துதான் நிறுத்த வேண்டும்; நிறுவனத்துக்கு எழுதும் மின்னஞ்சல் அங்கே செல்லுபடியாகாது. ஆப்பிள் கைப்பேசியில் இலவசக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். ஆகவே பணம் போனதும் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு விவரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். கூகுள், ஆப்பிள் என்று இருந்தால் வழி வேறு. நிறுவனத்தின் பெயரோ, அதற்காகப் பணம் வசூலிக்கும் இடைநிலை நிறுவனத்தின் பெயரோ இருந்தால் வழி வேறு.

இப்போது ரிசர்வ் வங்கி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம். கார்டுகளில் இருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கான விதிகளை அது 2019 ஆகஸ்ட் 21-ஆம் தேதி வெளியிட்டது. 2020 ஜனவரியில் அவற்றை யுபிஐக்கும் விரிவுபடுத்தியது. வங்கிகள் தயாராகவில்லை என்று காலக்கெடு தள்ளிப்போய், 2021 அக்டோபர் 1 முதல் அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அந்த வாரத்தில் பலருடைய திரைப்படச் சந்தாக்கள் திடீரென்று நின்றுபோனது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அன்று அதைத் தொல்லை என்று சலித்துக்கொண்டோம். உண்மையில் உலகில் பல நாடுகளின் வாடிக்கையாளர்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பை அந்த விதிகள் நமக்குத் தந்தன.

அந்தப் பாதுகாப்பு இதுதான்: ஒவ்வொரு முறை பணம் பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயர், தொகை, பிடிக்கப்படும் தேதி, ஆணையின் குறிப்பு எண், காரணம் ஆகியவை இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டுமோ முழு ஆணையையுமோ வேண்டாம் என்று மறுக்கும் வசதி அதிலேயே இருக்க வேண்டும். ஆணையை எந்த நேரத்திலும் இணையவழியில் விலக்கிக்கொள்ள வங்கி வழி செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

நல்ல விதிகள்தாம். ஆனால், அவற்றில் பலரும் கவனிக்காத ஒரு சந்து இருக்கிறது. முன்னறிவிப்பு அனுப்பப்பட்டு, பணம் இன்னும் பிடிக்கப்படாத இடைவெளியில் நீங்கள் ஆணையை விலக்கினால், அந்த ஒரு தவணை மட்டும் பாதையில் இருப்பதாகக் கருதப்பட்டு, பிடிக்கப்படலாம் என்று விதியே விலக்கு அளிக்கிறது. ஆக, அறிவிப்பு வந்த பிறகு ஆணையை ரத்து செய்வது மட்டும் போதாது. அந்த அறிவிப்பிலேயே உள்ள மறுப்பு வசதியைப் பயன்படுத்தி அந்தத் தவணையையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். 'ரத்து செய்தேன், மறுநாளே பணம் போய்விட்டது' என்னும் முறையீடுகளில் ஒரு பகுதி இந்த இடைவெளியில் விழுந்தவையாகவே இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். செஞ்சியில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், ஜூன் 1-ஆம் தேதி ஒரு பயிற்சிச் செயலியை இரண்டு ரூபாய் கட்டி ஏழு நாளைக்குப் பெறுகிறார். யுபிஐ ரகசிய எண்ணை அவர் போடும்போது திரையில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டு ரூபாய். அதற்குக் கீழே, மாதம் 399 ரூபாய் என்ற ஆணை சிறிய எழுத்தில் இருக்கிறது. ஒரே ரகசிய எண் இரண்டுக்கும் ஒப்புதலாகிவிடுகிறது. பாடங்கள் பிடிக்காமல் ஜூன் 5-ஆம் தேதி செயலியை நீக்கிவிடுகிறார். 7-ஆம் தேதி காலை வங்கியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதில் செயலியின் பெயர் இல்லை, அவர் கேள்விப்படாத ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கடன் விளம்பரங்களுக்கு நடுவில் அது கண்ணில் படாமல் போகிறது. 8-ஆம் தேதி 399 ரூபாய். ஜூலை 8-ஆம் தேதி மீண்டும் 399 ரூபாய். இரண்டு நாள் கழித்து, தேர்வுக் கட்டணம் கட்டப் போகும்போதுதான் கணக்கில் இருப்பு குறைந்திருப்பது தெரிகிறது.

அவர் அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, பணத்தைத் திரும்பக் கேட்பது அல்ல, கசிவை அடைப்பது. எந்த யுபிஐ செயலி வழியாக ஆணை கொடுத்தாரோ அதைத் திறந்து, தன் படத்தைத் தொட்டு, 'AutoPay' என்ற பகுதிக்குப் போனால், உயிரோடு இருக்கும் ஆணைகள் வரிசையாகத் தெரியும். உரியதைத் திறந்து ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினால் ரகசிய எண் கேட்கும். ஆணையை விலக்குவதற்கும் உறுதிப்படுத்தல் வேண்டும் என்பது விதி, அச்சப்படத் தேவையில்லை. ரத்தான பிறகு வரும் திரையை, தேதியும் நேரமும் தெரியும்படி படம் பிடித்துவைக்க வேண்டும். கார்டில் கொடுத்த ஆணை என்றால் இதே வேலையை வங்கியின் இணையத்தளத்தில் செய்ய வேண்டும். இதைச் செய்துவிட்டு, நிறுவனத்தின் செயலியிலோ தளத்திலோ உள்நுழைந்து சந்தாவையும் முறைப்படி ரத்து செய்ய வேண்டும். ஆணையை மட்டும் வெட்டிவிட்டுச் சந்தாவை விட்டுவைத்தால், ஆண்டு ஒப்பந்தத்தில் மாதத் தவணை கட்டுபவர்களிடம் மீதித் தொகை பாக்கி என்று நிறுவனம் கேட்க இடமிருக்கிறது.

இனி பணத்தைத் திரும்பப் பெறும் பேச்சு. இங்கே எதிராளி யார் என்பதைச் சரியாகக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. தவறான கதவைத் தட்டியே பலர் மாதங்களை இழக்கிறார்கள்.

ஆணையை விலக்கிய பிறகும், மேற்சொன்ன பாதையிலிருந்த தவணை நீங்கலாக, பணம் போனால் அது வங்கியின் குற்றம். விலக்கிய ஆணையின் பேரில் பணம் கொடுக்க வங்கிக்கு அதிகாரம் இல்லை. முன்னறிவிப்பே அனுப்பாமல் பணம் பிடித்திருந்தாலும் வங்கியிடம்தான் கேட்க வேண்டும். இத்தகைய நிலையில், வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி நடக்கும் மின்னணுப் பரிமாற்றங்கள் குறித்து 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை எடுத்துக்காட்டலாம். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்கிறது அது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையையும் வங்கியின் மீதே வைக்கிறது. எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

சந்தாவை ரத்து செய்துவிட்டோம், ஆனால் ஆணை உயிரோடு இருந்ததால் நிறுவனம் பணத்தை எடுத்துவிட்டது என்றால் குற்றம் நிறுவனத்துடையது. இதற்காகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் வங்கி விதிப்படியே நடந்தது என்று திருப்பி அனுப்பிவிடுவார், அதுவும் நியாயமே. கார்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. சார்ஜ்பேக் எனப்படும் ஏற்பாட்டின்படி, கார்டு கொடுத்த வங்கி, நிறுவனத்தின் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பக் கோரும். 'ரத்து செய்யப்பட்ட தொடர் வசூல்' என்பது விசா வலைப்பின்னலில் தனி வகையாகவே அங்கீகரிக்கப்பட்ட காரணம். அதற்கான காலக்கெடு பொதுவாக 120 நாள். வங்கியின் விண்ணப்பத்தில் 'மோசடி' என்று குறிக்காமல் 'சந்தாவை ரத்து செய்த பிறகு வசூல்' என்று குறிப்பது முக்கியம். மோசடி என்று குறித்தால், முதல் பரிமாற்றத்துக்கு நீங்களே ஒப்புதல் அளித்த பதிவைக் காட்டிக் கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள். ரத்தை உறுதிசெய்து நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்தான் இங்கே உயிர்ச் சான்று. அப்படி ஒரு மின்னஞ்சல் வரவில்லை என்றால் ரத்து முழுமையடையவில்லை என்று ஐயுற வேண்டும்.

மூன்றாவது வகைதான் கடினம். நம் செஞ்சிப் பெண்ணின் நிலை அதுவே. அவர் எதையும் ரத்து செய்யவில்லை, செயலியை நீக்கினார், அவ்வளவுதான். வங்கி அறிவிப்பு அனுப்பியது. நிறுவனம் தான் காட்டிய நிபந்தனைப்படியே பணம் எடுத்தது. முன்பு இத்தகையவருக்கு 'உங்கள் கவனக்குறைவு' என்ற ஒற்றைப் பதிலே கிடைத்திருக்கும். 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்கை செய்த வழிகாட்டு நெறிகள் இதை மாற்றியிருக்கின்றன. இணையத்தில் நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 உத்திகளை அவை தடை செய்கின்றன. அவற்றுள் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை மறைத்துவைப்பதும், அதைச் சுற்றிச் சுற்றி அலைய வைப்பதும், தெளிவற்ற சொற்களில் குழப்புவதும் இதில் அடங்கும். இன்னொன்றும் இதில் அடங்கும்: இலவசச் சந்தா வேண்டுமானால் தானியங்கி வசூலுக்கு ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது.

கடைசியாகச் சொன்னதை மீண்டும் ஒருமுறை படிக்கலாம். இன்று கைப்பேசிகளில் உலவும் சோதனைச் சந்தாக்களில் மிகப் பலவற்றின் வடிவமே அதுதான். 'நாங்கள் இலவசம் என்று சொல்லவில்லை, இரண்டு ரூபாய் வாங்கினோமே' என்று நிறுவனங்கள் வாதிடக்கூடும். இரண்டு ரூபாய் விலையா, ஒப்புதலைப் பறிக்கும் தூண்டிலா என்பதை ஆணையம் ஒரு வழக்கிலாவது தெளிவாகத் தீர்த்துச் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் இணைய வணிகத் தளங்கள் மூன்று மாதங்களுக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. பூனைக்கு மணி கட்டும் பொறுப்பைப் பூனையிடமே ஒப்படைத்தது போலத்தான் இருக்கிறது இது.

அந்தப் பெண் என்ன செய்யலாம்? இணைய வணிக விதிகள் 2020-இன்படி நிறுவனம் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதை ஒப்ப வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஜூன் 5-க்குப் பிறகு தம் கணக்கிலிருந்து சேவையை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதை நிறுவனமே தன் பதிவுகளில் சரிபார்க்கட்டும் என்பதும், தானியங்கி வசூலை நிபந்தனையாக்கியது 2023-ஆம் ஆண்டு நெறிகளுக்கு முரண் என்பதும், இரண்டு தவணைகளின் தேதியும் பரிமாற்ற எண்ணும் இருந்தால் போதும். இரண்டாவது தவணையை மீட்கும் வாய்ப்பு முதலாவதைவிடக் கூடுதல். ஒரு மாதம் முழுவதும் திறக்கப்படாத சந்தாவுக்கு வாங்கிய பணத்தைத் தக்கவைத்துக்கொள்ள வாதாடுவதைவிடத் திருப்பிக் கொடுப்பதே நிறுவனத்துக்கு எளிது.

மின்னஞ்சலுக்கு அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். சிறு தொகைகளில் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. பணம் போன பதற்றத்தில் தேடுபொறியில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபவர்களுக்காகவே போலி எண்களைப் பரப்பிவைத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. பணத்தைத் திருப்பித் தர ரகசிய எண் போடச் சொல்வார்கள். திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. 399 ரூபாயை மீட்கப் போய் வங்கி இருப்பை முழுவதும் இழந்தவர் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண் 1930.

இந்தப் பொறி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமேசான் தன் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழியை நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தெரிவுகள் கொண்டதாக வைத்திருந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் சூட்டியிருந்தார்களாம். நெடிய போரைப் பாடும் கிரேக்கக் காப்பியத்தின் பெயர். நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள்தாம். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது; அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திரும்ப வேண்டிய தொகை. அதே ஆண்டு ஜூலையில், சேர்வதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்ற அந்த ஆணையத்தின் பொது விதியை நடைமுறைக் குறைபாட்டைக் காரணம் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வழக்குத் தொடுத்துப் பெரும் தொகை பெற முடிகிறது அங்கே, விதி நிற்கவில்லை. இங்கே விதி நிற்கிறது. அதை மீறியவர் பெரும் தொகை கட்டியதாகத்தான் கேள்விப்படுவதில்லை.

விதி நின்றும் பயனளிக்காமல் போவதற்குக் காரணம், அது முழுவதும் அந்த ஒற்றைக் குறுஞ்செய்தியின் மேல் கட்டப்பட்டிருப்பதுதான். ரகசிய எண் இல்லாமலே பிடிக்கக்கூடிய தொகையின் வரம்பு தொடக்கத்தில் 2,000 ரூபாய். 2021-இல் 5,000 ஆனது. 2022 ஜூனில் 15,000 ஆனது. வரம்பு ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்தும் குறுஞ்செய்தியின் தரம் உயரவில்லை. அதில் செயலியின் பெயர், வாடிக்கையாளர் அறிந்த பெயராகவே இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கும்போது தமிழில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வங்கி, அந்தச் செய்தியையும் தமிழில் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ரூபாயிலிருந்து 399 ரூபாய்க்கு மாறும் அந்த முதல் தவணைக்கு மட்டுமாவது மறுபடி ரகசிய எண் கேட்கலாம். 2013-இல் காலர் டியூனுக்குக் கேட்ட இரண்டாவது ஒப்புதல் இது. முப்பது ரூபாய்க்கு அவசியமாகப்பட்டது நானூறு ரூபாய்க்கு அவசியமில்லாமல் போகாது.

அது வரும்வரை, எல்லாக் கதவுகளும் அடைபட்டவருக்கு இருப்பது நுகர்வோர் ஆணையம். முன்பு நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் என்றால் வழக்கும் அங்கே என்ற நினைப்பிலேயே பலர் விட்டுவிடுவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்திருக்கிறது. ஆகவே செஞ்சியில் வசிப்பவர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில், நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள், புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வழக்குரைஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2025 ஜனவரி 1 முதல் 'e-Jagriti' தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். காணொலி வழியே விசாரிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அப்போது ஆணையம் கேட்கப்போவது ஆணையை ரத்து செய்த அன்று எடுத்த திரைப்படத்தையும், குறைதீர் அலுவலருக்கு எழுதிய மின்னஞ்சலையும், அந்த இரண்டு தவணைகளின் பரிமாற்ற எண்களையும்தான்.